ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் எப்போது வர வேண்டும்? நியாயமான தேர்வு எப்படி நடக்கும்?

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களைத்தான் இது அதிகம் பாதிக்கும் என்றும் சொன்னது. சென்னை ஓ.எம்.ஆர். முதல் பெங்களூரு வரை ஐடி ஊழியர்கள் மத்தியில் அப்போது எழுந்த கேள்வி ஒன்றுதான்: "லிஸ்ட்ல யார் யார் பேர் இருக்கு?"

ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த லிஸ்ட் எந்த வரிசையில் தயாரானது? நிறுவனம் தன் அமைப்பை மாற்றுவது தவறில்லை. வேலை குறைந்தால் ஆட்களைக் குறைப்பதையும் சட்டம் தடுக்கவில்லை. முதலில் எந்த வேலை போகிறது என்று முடிவு செய்து, அதன்பிறகு யார் என்று பார்த்தால் அது ஆட்குறைப்பு. முதலில் பெயரை எழுதிவிட்டு, பிறகு காரணம் தேடினால், அது ஆட்குறைப்பு என்ற பெயரில் நடக்கும் பணிநீக்கம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பேச்சுவழக்கில் 'லே-ஆஃப்' என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். இந்தியச் சட்டத்தில் அந்தச் சொல், மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை போன்ற காரணங்களால் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலையைக் குறிக்கும். நிரந்தரமாக வேலையிலிருந்து எடுப்பதற்குப் பெயர் ஆட்குறைப்பு. விதிகள் இரண்டுக்கும் வேறு வேறு.

2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த அடிப்படை விதிகளை அப்படியே தொடர்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய வேண்டும் என்றால், காரணத்தைச் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. ஒரே வகை வேலை செய்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், ஏன் மாற்றினோம் என்ற காரணத்தை நிறுவனம் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், ஆட்குறைப்பில் போனவர்களுக்கே முன்னுரிமை.

"சம்பளம் ஜாஸ்தி வாங்குற சீனியர்தான் சுமை" என்று கணக்குப் போடும் நிறுவனம், இந்த விதிக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஆனால், இந்தப் பாதுகாப்பு 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருப்பதால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். அவர் அன்றாடம் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

24 பேரில் 8 பேர்: ஒரு உதாரணம்

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று புராஜெக்ட்களில், தலா 8 பேர் வீதம் 24 டெஸ்டர்கள் இருக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதால் ஒரு புராஜெக்ட் மூடப்படுகிறது. இனி 16 பேர் போதும்.

அந்த புராஜெக்ட்டில் இருந்த 8 பேரை அனுப்பிவிடலாம் என்றுதான் நிறுவனத்துக்கு முதலில் தோன்றும். ஆனால், கடந்த ஓராண்டில் மூன்று டீம்களுக்கும் இடையே ஆட்கள் மாறி மாறி வேலை பார்த்திருந்தால், மூவரும் ஒரே டூல்களைப் பயன்படுத்தினால், அந்த வேலை 24 பேருக்கும் பொதுவானது. அப்படியானால் 24 பேரையும் ஒப்பிட்டுத்தான் தேர்வு நடக்க வேண்டும். கடைசி மாதம் யார் எந்த புராஜெக்ட்டில் உட்கார்ந்திருந்தார் என்பது தற்செயல். வேறு யாருக்கும் தெரியாத ஒரு தனித் தொழில்நுட்பத்தில் அந்த 8 பேர் மட்டும் வேலை செய்திருந்தால் மட்டுமே, அவர்களைத் தனியாகப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அநியாயம் பெரும்பாலும் நுழைவது இந்த இடத்தில்தான். ஒப்பிடும் கூட்டத்தைச் சுருக்கிவிட்டால், மார்க் போடாமலேயே முடிவு வந்துவிடும்.

அடுத்தது அளவுகோல். 'கடைசியில் வந்தவர் முதலில்' என்ற வரிசைக்குப் பதிலாக மதிப்பெண் முறைக்குப் போகிறோம் என்றால், அதற்கான காரணத்தை நிறுவனம் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இந்த நிறுவனம் நான்கு அம்சங்களை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். மீதமிருக்கும் வேலைக்குத் தேவையான திறனை மூன்றால் பெருக்குகிறார்கள், அப்ரைசலை இரண்டால். பணிக்காலத்துக்கும் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுக்கும் பெருக்கல் இல்லை. மொத்தம் 35. கீழிருந்து 8 பேர் பட்டியலில் வருவார்கள். தப்பியவர்களில் கடைசியில் இருப்பவரின் மதிப்பெண் 25.

ஒரு பெண் ஊழியருக்கு 21 வருகிறது. திறனுக்கு 12, பணிக்காலத்துக்கு 4, ஒழுங்குக்கு 5, அப்ரைசலுக்கு பூஜ்யம். ஏன் பூஜ்யம்? கடந்த ஆண்டின் பெரும்பகுதி அவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார். ரேட்டிங் எதுவும் பதிவாகவில்லை. எக்ஸெல் அந்தக் காலி இடத்தை பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் வாங்கியது 4. அதை எடுத்துக்கொண்டால் அப்ரைசலுக்கு 8, மொத்தம் 29. அவர் பட்டியலிலேயே இல்லை. மாறாக, 25 வாங்கி நிம்மதியாக இருந்தவர் பட்டியலுக்குள் வருகிறார்.

யாரும் வேண்டுமென்று செய்யாத தவறு இது. ஆனால், அந்தப் பெண்ணிடம் மதிப்பெண்ணைக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். 8 பேருக்கும் கடிதம் போவதற்கு முன்னால் கண்டுபிடித்திருந்தால், திருத்துவதும் எளிது. கலந்தாலோசனை எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

'கூப்பிட்டுச் சொன்னோமே' என்பது ஆலோசனையா?

இல்லை. முடிவு எடுத்த பிறகு சொல்வதற்குப் பெயர் அறிவிப்பு. முடிவு மாறக்கூடிய கட்டத்தில் பேசுவதுதான் ஆலோசனை.

இந்தியச் சட்டம் நோட்டீஸ், இழப்பீடு, வரிசை பற்றிப் பேசும் அளவுக்கு, தனிப்பட்ட ஊழியரோடு நடத்த வேண்டிய ஆலோசனையைப் பற்றி விரிவாகப் பேசவில்லை. இதில் அதிகம் யோசித்த நாடுகளில் ஒன்று பிரிட்டன். 1982-ல் காம்ப்ஏர் மாக்ஸம் என்ற நிறுவனம் தொடர்பான வழக்கில், துறை மேலாளர்கள் நிறுவனத்துக்கு எதிர்காலத்தில் யார் உதவுவார்கள் என்று தாங்களே நினைத்தவர்களை வைத்துக்கொண்டு, மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். தொழிற்சங்கத்திடம் அளவுகோலைப் பற்றிப் பேசவே இல்லை. அது நியாயமற்ற பணிநீக்கம் என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு சொன்ன வழிமுறை இன்றும் அங்கே அடிப்படையாக இருக்கிறது. முடிந்தவரை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். அளவுகோலைப் பற்றிச் சங்கத்துடன் பேச வேண்டும். அந்த அளவுகோல், தேர்வு செய்பவரின் சொந்த அபிப்பிராயத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வருகைப் பதிவு, அனுபவம், பணிக்காலம் போல, இன்னொருவர் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். வகுத்த அளவுகோலின்படியே தேர்வு நடந்திருக்க வேண்டும். வேறு வேலை தர முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரே இடத்தில் 90 நாட்களுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை இழக்கப் போகிறார்கள் என்றால், முதல் ஆள் வெளியேற குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே ஆலோசனை தொடங்க வேண்டும் என்கிறது பிரிட்டன் சட்டம். 100 பேர் அல்லது அதற்கு மேல் போனால் 45 நாட்கள்.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் நிறுவனம் 786 கப்பல் ஊழியர்களை எந்த ஆலோசனையும் இல்லாமல் ஒரே நாளில் நீக்கியது. பலருக்கு ஒரு வீடியோ செய்தி மூலம்தான் தகவல் வந்தது. சங்கங்களோடு ஆலோசித்திருக்க வேண்டும் என்பது தெரிந்தே, ஆலோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்ததாக அதன் தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். மீறினால் ஆகும் செலவு, பின்பற்றினால் ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தால், விதி காகிதத்தில்தான் இருக்கும்.

'ராஜினாமா பண்ணிடுங்க' என்றால்?

இந்தியாவில் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. பல இடங்களில் ஆட்குறைப்பு என்ற சொல்லே எழுத்தில் வருவதில்லை. "நீங்களே பேப்பர் போட்டுட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கிளீனா வரும்" என்று எச்.ஆர். அறையில் பேச்சு நடக்கும். ஊழியர் ராஜினாமா கொடுத்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் நிறுவனம் யாரையும் ஆட்குறைப்பு செய்யவில்லை. அதனால் வரிசை விதி, சட்டப்படியான இழப்பீடு, மறுவேலையில் முன்னுரிமை என்று எதுவும் எழாது. கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம். ஆனால், கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில் விழும்.

அதனால்தான், அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாமல், நிறுவனம் சொல்வதை மெயிலில் கேட்பது முக்கியமாகிறது. எந்த வேலை, எந்தக் காரணத்தால் போகிறது? யாரோடு ஒப்பிட்டார்கள்? எந்த அளவுகோல்? தனக்கு வந்த மதிப்பெண் எவ்வளவு? வேறு என்ன வேலை பரிசீலிக்கப்பட்டது? வரிசைப்படி வேலை செய்த நிறுவனத்திடம் இந்த ஐந்துக்கும் பதில், கடிதத்தின் தேதிக்கு முந்தைய தேதியிட்ட ஆவணமாகவே இருக்கும். கேள்வி வந்த பிறகுதான் பதில் தயாராகிறது என்றால், பெயர்தான் முதலில் எழுதப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது.