பணவீக்கம் குறைந்தது, தேங்காய் விலை ஏன் குறையவில்லை?

"பணவீக்கம் குறைஞ்சிட்டுதெண்டு செய்தியில சொல்லுகினம். அப்ப தேங்காய் ஏன் தம்பி குறையேல்லை?" திருநெல்வேலிச் சந்தையில் ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று என்னால் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு வீட்டில் ஒரு சிறு அட்டவணை போட்டுப் பார்த்தேன். விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கிடும் முறை தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம் கையாளும் முறையின் எளிய வடிவம்.

| பொருள் (மாத அளவு) | அடியாண்டு விலை | 1ஆம் ஆண்டு | 2ஆம் ஆண்டு |
|---|---|---|---|
| அரிசி 20 கிலோ | 100 | 220 | 200 |
| பருப்பு 4 கிலோ | 200 | 400 | 320 |
| தேங்காய் 20 | 60 | 90 | 150 |
| மண்ணெண்ணெய் 10 லீற்றர் | 100 | 300 | 260 |
| பஸ் பயணம் 50 | 20 | 36 | 38 |

இதில் அளவு மாறாது, விலை மட்டுமே மாறும். அதே 20 கிலோ அரிசியையும் அதே 20 தேங்காயையும் ஒவ்வொரு ஆண்டும் வாங்குவதாக வைத்துக்கொண்டு மொத்தச் செலவைக் கூட்டவேண்டும். அடியாண்டில் 6,000 ரூபா வருகிறது. முதலாம் ஆண்டில் 12,600, இரண்டாம் ஆண்டில் 12,780.

அடியாண்டுச் செலவை 100 என்று வைத்தால் கிடைப்பதுதான் சுட்டெண். 12,600ஐ 6,000ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 210. அடுத்த ஆண்டுக்கு 213. பணவீக்கம் என்பது இந்தச் சுட்டெண் ஓராண்டில் எத்தனை சதவீதம் நகர்ந்தது என்பது: 3ஐ 210ஆல் வகுக்க 1.4 சதவீதம். பலர் இந்த இடத்தில் தவறுகிறார்கள். 213இலிருந்து 210ஐக் கழித்து "3 சதவீதம்" என்று எழுதிய செய்திகளை நானே திருத்தியிருக்கிறேன். அது 3 புள்ளி, சதவீதம் அல்ல.

முதலாம் ஆண்டில் பணவீக்கம் 110 சதவீதம், இரண்டாம் ஆண்டில் வெறும் 1.4. தலைப்பில் "பணவீக்கம் சரிந்தது" என்று வரும், அது பொய்யும் அல்ல. ஆனால் கூடை 6,000 ரூபாவுக்குத் திரும்பவில்லை, 12,780இல் நிற்கிறது. அடியாண்டில் 1,000 ரூபா நாட்கூலி வாங்கியவர் அதே கூடையை வாங்க இப்போது 2,130 ரூபா கூலி வேண்டும். கூலிப் பேச்சுவார்த்தைகளில் கடந்த ஆண்டின் சதவீதத்தை மட்டும் மேசையில் வைப்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கைச் சொல்வதில்லை.

இனி உண்மையான எண்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3, 2024 செப்டெம்பரில் மறை 0.5. இடையில் அடியாண்டு 2013இலிருந்து 2021க்கு மாறியதால் இவற்றைத் தொடுப்பது அண்ணளவான கணக்குத்தான். ஆனாலும் தொடுத்துப் பாருங்கள்: 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கியது 169.8 ஆகி, பின்னர் 172 ஆகி, மூன்றாவது ஆண்டில் 171 ரூபாவில் வந்து நிற்கிறது. பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போன மாதத்திலும் குறைந்தது அந்த ஒரு ரூபாதான்.

தேங்காய்க்கு வருகிறேன். என் அட்டவணையில் இரண்டாம் ஆண்டில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் மூன்றும் இறங்கின. தேங்காய் 90இலிருந்து 150க்கு ஏறியது. இறக்கங்கள் ஏற்றத்தைப் பெருமளவு விழுங்கியதால் மொத்தம் 1.4இல் அடங்கிவிட்டது. இப்போது பஸ்ஸையும் மண்ணெண்ணெயையும் நீக்கி உணவை மட்டும் கூட்டுங்கள். 7,800 ரூபா 8,280 ஆகிறது, அதாவது 6.2 சதவீதம். அதே சந்தை, அதே விலைகள்தான். கையில் உள்ளதில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே கொடுக்கும் வீட்டுக்கு அந்த 6.2தான் நெருக்கமான எண்.

நிறை என்று சொல்வது இதைத்தான். கொழும்புச் சுட்டெண்ணில் உணவுக்கும் மதுசாரமற்ற பானங்களுக்கும் உள்ள நிறை ஏறத்தாழ 26 சதவீதம். ஒன்பது மாகாணங்களையும் சேர்க்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அது ஏறத்தாழ 39. செய்திகளில் முதலில் வருவது கொழும்பு எண். அது மாத இறுதியிலேயே வெளியாகிவிடும், தேசிய எண் அதற்குப் பல நாட்கள் கழித்து வரும். ஆகவே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவர் கேட்பது பெரும்பாலும் கொழும்பு நகர்ப்புறக் கூடையின் கதை.

அந்த நிறைகளும் 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்விலிருந்து எடுக்கப்பட்டவை. நெருக்கடிக்கு முன்னர் மக்கள் எதை எவ்வளவு வாங்கினார்களோ, கூடை அப்படியே இருக்கிறது. மீனைக் குறைத்து, பால்மாவை நிறுத்திய வீடுகளின் கூடை அதில் இல்லை.