நிதி ஆலோசகருடன் பேசியாச்சு... குறிப்பில் எதை எழுதணும்?

நிதி ஆலோசகருடன் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, ஆடியோ பதிவோடு வீடு திரும்பும் தம்பதிகள் உண்டு. ஆனால் அந்தப் பதிவை மறுபடி யாரும் கேட்பதில்லை. கையில் நிற்பது அதன் சுருக்கக் குறிப்பு மட்டும்தான். அது தவறினால் சேமிப்பும் தவறும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். செலவு, இ.எம்.ஐ. எல்லாம் போக மாதம் 30,000 ரூபாய் மிஞ்சும் தம்பதி. உரையாடலில் மூன்று விஷயங்கள் வருகின்றன: அவசர நிதி, மூன்று வயது மகளின் கல்லூரிப் படிப்பு, கார்.

அவசர நிதி எளிது. மாதச் செலவு 65,000 என்றால் ஆறு மாதத்துக்கு 3,90,000. கையில் 1,50,000 இருக்கு. மீதி 2,40,000-ஐ மாதம் 20,000 வீதம் 12 மாதத்தில் சேர்த்துவிடலாம்.

சிக்கல் படிப்புச் செலவில்தான். “பத்து லட்சம் ஆகும்” என்கிறார் கணவர். அது இன்றைய விலை. கட்டணம் ஆண்டுக்கு 8% ஏறினால், 15 ஆண்டு கழித்து சுமார் 31.7 லட்சம் வேண்டும். முதலீடு 10% வளரும் என்று வைத்தால், மாதம் ஏறக்குறைய 7,600 ரூபாய். குறிப்பில் வெறும் ‘இலக்கு: 10 லட்சம்’ என்று எழுதினால், பிறகு கணக்குப் போடுபவருக்கு 2,400 ரூபாய் போதும் என்றே வரும். அதனால் ஒவ்வொரு இலக்கின் பக்கத்திலும் ‘இன்றைய விலையா, அன்றைய விலையா’ என்பதும், எடுத்துக்கொண்ட சதவீதமும் இருந்தே ஆகணும்.

அடுத்தது கார். “மாசம் பத்தாயிரம் எடுத்து வைக்கலாமே” என்கிறார் கணவர். “பார்க்கலாம்” என்கிறார் மனைவி. நம்ம ஊரில் ‘பார்க்கலாம்’ என்பது சம்மதம் இல்லை. பெரும்பாலும் மறுப்பின் மரியாதையான வடிவம். இதை முடிவுகளில் சேர்க்கக் கூடாது. ‘பேசியது, முடிவாகவில்லை’ என்று தனியாக எழுதணும். இருவரும் வாய்விட்டு “சரி” சொன்னது மட்டுமே முடிவு. பக்கத்தில் பதிவின் நிமிடத்தையும் குறித்தால், சந்தேகம் வந்தால் அந்த இடத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

சரிபார்க்க ஒரு கூட்டல் போதும். 20,000-மும் 7,600-மும் சேர்ந்தால் 27,600, மிச்சத்துக்குள் அடங்குது. காரையும் சேர்த்தால் 37,600. தொகை மிச்சத்தைத் தாண்டினால், யாரோ சம்மதிக்காத ஒன்று உள்ளே நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, முடிவு என்றால் யார் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு என்று இருக்கணும். ‘எஸ்.ஐ.பி. தொடங்கணும்’ என்பது வெறும் ஆசை. ‘மனைவியின் சம்பளக் கணக்கிலிருந்து 5-ஆம் தேதி 7,600’ என்பதுதான் முடிவு. கூடவே, 13-ஆவது மாதத்தில் விடுபடும் அந்த 20,000 எங்கே போகும் என்ற கேள்வியையும் எழுதி வையுங்கள். கார் பேச்சை மறுபடி எடுக்க அதுதான் சரியான நேரம்.