உச்சிக்கு எண்ணெய் வைத்தது போதும்

கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பிள்ளையின் காதோரமும் பிடரியும் துடைத்து வைத்த பித்தளை மாதிரி இருக்கும். உச்சியில் மட்டும் மஞ்சளாகப் பொருக்குத் தட்டிக் கிடக்கும். கேட்டால், "அங்க தேய்க்கப் பயமா இருக்குங்க" என்பார்கள். விரல் பட்டால் நேரே மூளைக்குள் போய்விடும் என்று நினைப்பு. ஆனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து உச்சி குழிந்தால் மட்டும் இந்தப் பயமெல்லாம் எங்கே போகிறதோ தெரியாது. ஆளுக்கொரு பச்சிலையை அரைத்து அதே இடத்தில் அப்புகிறோம்.

உச்சிக்குழி ஓட்டை இல்லை. தோலுக்குக் கீழே அங்கே கெட்டியான சவ்வு இழுத்துக் கட்டியிருக்கிறது. விரல் நுனியால் சோப்புப் போட்டுக் கழுவுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பிறக்கும்போது மண்டை ஓடு ஒரே எலும்பு இல்லை. தனித்தனித் தகடுகளாக இருந்தால்தான் பிரசவ நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறித் தலை வெளியே வரும். பிறந்த பிறகு மூளை வளர வளர, தகடுகளின் ஓரத்தில் புது எலும்பு படிந்துகொண்டே வரும். தகடுகள் கூடும் சந்தில் மிஞ்சுகிற இடைவெளிதான் உச்சிக்குழி. பின்மண்டையில் முக்கோணமாக ஒன்று உண்டு. அது இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும், பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். முன்னால் இருப்பது பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும். சில பிள்ளைகளுக்கு ஒன்பது மாதத்திலேயே சுருங்கிவிடும், சிலருக்கு இரண்டு வயது வரை இழுக்கும்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூடிடுச்சு, நம்ம பிள்ளைக்கு இன்னும் மூடலையே" என்று மாதம் எண்ணுகிறோமே, அதைவிட ஒரு டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி அளப்பது மேல். பிறக்கும்போது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் இருக்கும் தலைச்சுற்று, ஒரு வயதில் 46-ஐத் தொடும். அளவு ஒழுங்காக ஏறினால் குழி சீக்கிரம் மூடியதற்காக அலறவேண்டியதில்லை. குழி மூடியதோடு தலை வளர்ச்சியும் நின்றாலோ, தலை திடீரென்று வேகமாகப் பெருத்தாலோ, இரண்டு வயது தாண்டியும் குழி திறந்தே இருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை என்று பார்க்கவேண்டியவை இருக்கின்றன.

இனி குழிகிற கதை. என் மூத்தவனுக்கு அப்போது எட்டு மாதம், எட்டுக் கிலோ. ராத்திரி தொடங்கிய வயிற்றுப்போக்கு, விடிவதற்குள் ஆறேழு தடவை போய்விட்டது, இரண்டு முறை வாந்தி. காலையில் அத்தை தலையைத் தடவிவிட்டு, "உச்சி விழுந்துடுச்சு" என்றார். விளக்கெண்ணெயில் துணியை நனைத்து உச்சியில் வைத்தார். "உள்ள போனா போய்க்கிட்டேதான் இருக்கும், பாலைக் கொறைச்சுக் குடு" என்றார். நானும் குறைத்தேன். படித்தவள்தான், இருந்தும் குறைத்தேன்.

மதியம் எங்கள் தெரு நர்சம்மா வந்தார். அவர் உச்சியைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, "ஏம்மா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காலையிலிருந்து அவன் துணி மூத்திரத்தில் நனையவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார், மெல்லத்தான் படிந்தது. கண் உள்ளே போயிருந்தது. கரண்டியில் தண்ணீர் காட்டினால் வெறிபிடித்த மாதிரி குடித்தான். "உச்சி எங்கேயும் விழலம்மா. உடம்புல தண்ணி இல்ல, அதான் உச்சி கீழ எறங்கியிருக்கு" என்றார். கிணற்றில் தண்ணீர் வற்றினால் வாளிக்கா எண்ணெய் போடுவோம்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரவைத்து ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்தார்கள். கணக்கு எளிது: கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில். எட்டுக் கிலோவுக்கு 600 மில்லி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் 120 ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு இன்னும் மெதுவாகத் தொடரவேண்டும். இடையில் தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் மடி நனைந்தது. அவன் மூத்திரத்துக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உச்சி தானாகவே மேலே வந்திருந்தது, விளக்கெண்ணெய் பிசுபிசுப்போடு.

ஓஆர்எஸ் பொட்டலத்தையும் நாம் சரியாகக் கரைப்பதில்லை. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதைப் பிரித்து, டம்ளருக்குக் கொஞ்சமாகக் கண்ணளவில் கொட்டுகிறோம். உப்பு ஏறிப்போனால் அதுவே ஆபத்து. மொத்தத்தையும் ஒரே லிட்டரில் கரையுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கீழே ஊற்றுங்கள். பிள்ளை துவண்டு போய், எழுப்பினாலும் கண் திறக்காமல், குடிக்கவும் முடியாமல் இருந்தால் ஸ்பூனை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அதற்கு டிரிப்ஸ் ஏற்றவேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நன்றாகப் பால் குடித்து, சிரித்து, நாளுக்கு ஆறேழு துணி நனைக்கிற பிள்ளையின் உச்சி சற்றே குழிவாக இருப்பது இயல்பு. நாடித்துடிப்புக்கு ஏற்ப அது துடிப்பதும் இயல்பு. பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளை அழாத நேரத்தில், நிமிர்த்தி உட்காரவைத்தபடி தடவிப் பாருங்கள். படுத்திருக்கும்போதும் அழும்போதும் எல்லாப் பிள்ளைக்கும் உச்சி கொஞ்சம் தூக்கும்.

அழுகை நின்று, நிமிர்த்தி வைத்த பிறகும் உச்சி புடைத்து, காற்றடைத்த பந்து மாதிரி விறைப்பாக இருந்தால், அது வேறு விஷயம். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், நீர் தேங்கியிருக்கலாம், விழுந்த அடியில் ரத்தம் கசிந்திருக்கலாம். கூடவே காய்ச்சல், வாந்தி, பால் மறுப்பு, கீச்சென்ற அழுகை, தூங்கித் தூங்கி விழுவது, வலிப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. உச்சி புடைக்கவில்லை என்பதற்காக இந்த அறிகுறிகளை ஒதுக்கவும் கூடாது. மூளைக்காய்ச்சலில் புடைப்பு தாமதமாகத்தான் வரும், சில பிள்ளைகளுக்கு வராமலே போகும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே, உச்சி எப்படி இருந்தாலும் அன்றே காட்டவேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நாம் செய்கிற கூத்து இன்னொன்று. முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "கால் விளங்காமப் போயிடும்" என்று கையெழுத்துப் போட மறுக்கிறோம். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அந்தச் சில சொட்டு நீர்தான் சொல்லும். என் தங்கை பிள்ளைக்கு இப்படிச் சொன்னபோது, வார்டு வாசலில் நின்று சொந்தக்காரர்கள் இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். உள்ளே பிள்ளை உச்சி விறைத்துக் கிடந்தது. கடைசியில் அவளே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.