ஆதார் நகலை அனுப்பும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

2022 செப்டம்பர் 24 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று ஆசை காட்டி, கணினி தெரிந்த இளைஞர்களைச் சட்டவிரோதமாக மியான்மருக்குக் கொண்டுபோய் மோசடி வேலைகளில் அடைத்து வைக்கிறார்கள் என்றது அது. சமூக ஊடக விளம்பரங்களும், துபாயிலும் இந்தியாவிலும் இருந்த ஏஜென்டுகளுமே தூண்டில். மறு மாதமே, மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சிலர் சென்னை வந்து இறங்கினார்கள்.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வேலை தேடும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பிலும் தூண்டில் விழுகிறது. "ஓஎம்ஆரில் வேலை உறுதி. ஆதார், பான், பாஸ்புக் நகலை இன்றே அனுப்புங்கள்" என்று ஒரு செய்தி. அந்த மூன்றும் தவறான கையில் சிக்கினால், நம் பிள்ளையின் பெயரில் கடன் வாங்கவோ, போலி ஜிஎஸ்டி பதிவு எடுக்கவோ முயலலாம். எனவே அனுப்பும் முன் இரண்டைக் கேட்போம்.

முதலாவது, நிறுவனப் பதிவு எண். இதைச் சின் (CIN) என்பார்கள். 21 இலக்கங்கள் கொண்டது. U72900TN2019PTC என்று தொடங்கி ஆறு எண்களில் முடிந்தால், அது 2019-இல் தமிழ்நாட்டில் பதிவான பிரைவேட் லிமிடெட் நிறுவனம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 12-இன்படி நிறுவனத்தின் கடிதத்தாளிலேயே இந்த எண், பதிவு அலுவலக முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் இருக்க வேண்டும். ஆகவே இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. mca.gov.in தளத்தில் எண்ணைத் தேடினால் பெயர், முகவரி, நிறுவனம் இயங்குகிறதா என்ற நிலை ஆகியவை தெரியும். "பத்து வருட நிறுவனம்" என்றவரின் பதிவு போன மாதம்தான் நடந்திருந்தால், அங்கேயே நின்றுவிடலாம்.

ஆனால் இந்த எண் ரகசியமல்ல. உண்மையான நிறுவனத்தின் எண்ணை மோசடிக்காரனும் எடுத்துச் சொல்லலாம். நிறுவனம் இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். பேசுகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்பதைக் காட்டாது. அதற்குத்தான் இரண்டாவது கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் இருந்து எழுதுவீர்களா?

வந்த மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் முன்னால் இருந்து பின்னால் gmail.com என்றிருந்தால், அதை யார் வேண்டுமானாலும் உருவாக்கியிருக்கலாம். பெயரோடு careers, jobs என்று ஒட்டிய முகவரிகளும் அப்படித்தான். அவர்கள் அனுப்பிய லிங்க்கைத் தொடாமல், நாமே நிறுவனத்தின் இணையதளத்தைத் தேடி, அங்குள்ள எண்ணில் அழைத்து விசாரிப்பதே உறுதியான வழி.

சிறு கடைகளுக்கும் கூட்டு வணிகங்களுக்கும் சின் இருக்காது; சிலர் ஜிமெயிலே வைத்திருப்பார்கள். அங்கே ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு gst.gov.in-இல் பார்க்கலாம், தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். அதுவும் இல்லையென்றால் நேரில் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு நகலைக் கொடுப்போம். அப்போதும் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே பல இடங்களில் போதும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் cybercrime.gov.in-இல் புகார் செய்யலாம். பணமும் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில் மறைத்தால், வீணாவது பணத்தை முடக்கி மீட்கக் கிடைத்த நேரம்தான்.