மணி பார்த்தீர்களா?

காலை 6 மணி. பல் துலக்கிக்கொண்டிருந்த பெரியவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது. தூக்கிய கை தானே சரிகிறது; பேச்சுக் குழறுகிறது. "பித்தம்! சோடா கொடுத்துப் படுக்க வை" என்கிறார்கள் வீட்டார். இந்தப் படுக்கை வைத்தியத்தைத்தான் நான் கண்டிக்கிறேன். விழுங்கும் சக்தி குன்றியிருந்தால் சோடா நுரையீரலுக்குள் போய்விடும். மூளைக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. 11 மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தால் கெடு தப்பிவிட்டது! அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகே ஊசி போடுவார்கள். கசிவாயின் அதே ஊசி ஆபத்து. ஆகவே 108 வண்டியை அழைத்து, ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேரே போகவேண்டும். எத்தனை மணிக்குக் கோணியது என்று டாக்டர் கேட்பார், குறித்துக்கொள்ளுங்கள். 10 நிமிஷத்தில் கோணல் நிமிர்ந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். அடுத்த அடைப்பு அன்றைக்கே வரலாம்.