முப்பது நாள் தவணையும் வட்டியின் வாசலும்

வட்டி ஹராம் என்பதை அறியாத வியாபாரி நம் சமுதாயத்தில் இல்லை. அறிந்திருந்தும் சிலர் அதில் போய் விழுகின்றனர். அவ்வாறு விழுந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், பலருடைய தொழில் நட்டத்தில் இருந்ததில்லை. இலாபம் வந்துகொண்டுதான் இருந்தது. அது கைக்கு வர வேண்டிய நாளில் வரவில்லை. சரக்குக்கு இன்றே பணம் கொடுத்துவிட்டு, விற்ற பணத்திற்கு ஒரு மாதம் காத்திருக்கும் தொழில்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இதனைத் தொழில் தொடங்கும் முன்பே கணக்கிட்டுக்கொள்வது மார்க்கப் பேணுதலின் ஒரு பகுதி என்றே நாம் கருதுகிறோம்.

உணவகங்களுக்கு ஆட்டுக்கறி கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டயபுரம், செஞ்சி போன்ற ஆட்டுச் சந்தைகளில் ரொக்கம் கொடுத்தால்தான் ஆடு கைமாறும். உணவகமோ முப்பது நாள் கழித்தே பணம் தரும். நாளொன்றுக்கு 20 கிலோ கறி கொடுக்கிறார். ஆட்டு விலை, அறுப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 700 ரூபாய் ஆகிறது. விற்பது 780 ரூபாய்க்கு. ஆகவே தொழிலுக்காக நாளொன்றுக்கு 14,000 ரூபாய் வெளியே போகிறது. வீட்டுச் செலவுக்கு 1,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறார் என்றால் மொத்தம் 15,000. வர வேண்டியது 15,600. மாதம் 18,000 ரூபாய் மிஞ்சும் நல்ல தொழில் இது.

இத்தொழிலுக்கு எவ்வளவு முதல் வேண்டும்? முப்பது நாள் தவணைதானே, 15,000 ரூபாயை முப்பதால் பெருக்கி நாலரை இலட்சம் போதும் என்று பலரும் நினைக்கின்றனர். பிழை இங்கேதான் தொடங்குகிறது. முப்பது நாள் என்பது எந்த நாளிலிருந்து என்று அவர்கள் கேட்பதில்லை. மாதம் முடிந்ததும் ஒரே பில்லாகக் கொடுங்கள், பில் தேதியிலிருந்து முப்பது நாளில் தருகிறோம் என்பது உணவகத்தின் வழக்கமாயிருந்தால், முதல் தேதி கொடுத்த கறிக்கு அறுபதாவது நாளில்தான் பணம் வரும். அதற்குள் அவர் கையிலிருந்து 9,00,000 ரூபாய் போயிருக்கும்.

அதே உணவகத்திடம், வாரம் ஒரு பில் தருகிறோம், ஒவ்வொரு பில்லுக்கும் முப்பது நாள் தவணை என்று பேசி முடித்தால் நிலைமை மாறிவிடுகிறது. முதல் வாரத்துப் பில் ஏழாம் நாள் போகும். பணம் முப்பத்தேழாம் நாள் வரும். அதுவரை வெளியே போவது 5,55,000 ரூபாய். அதன்பின் வாரந்தோறும் 1,09,200 ரூபாய் வரும், 1,05,000 ரூபாய் போகும். விலையில் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காமல், பில் கொடுக்கும் நாளை மட்டும் மாற்றியதால் 3,45,000 ரூபாய் முதல் தேவைப்படாமல் போகிறது. விலைக்காக ஒரு மணி நேரம் பேரம் பேசும் நம்மவர்கள் இதற்காக ஐந்து நிமிடம் பேசுவதில்லை.

இதைக் கண்டறியப் பெரிய கணக்கறிவு தேவையில்லை. ஒரு நோட்டில் வாரத்திற்கு ஒரு வரியாக மூன்று மாதத்திற்கு எழுத வேண்டும்: வாரத் தொடக்கத்தில் கையிருப்பு, வரும் பணம், போகும் பணம், வார முடிவில் கையிருப்பு. வரும் பணம் என்பதில் விற்ற தொகையை எழுதக் கூடாது. அந்த வாரம் உண்மையில் கைக்கு வரும் தொகையை மட்டுமே எழுத வேண்டும். கையிருப்பு எந்த வாரத்தில் மிகக் கீழே போகிறதோ, அந்தப் பள்ளத்தின் ஆழமே நமக்கு வேண்டிய முதல். சந்தை நாளில் ஒரு வாரத்து ஆடுகளைச் சேர்த்து வாங்குபவருக்குப் பள்ளம் இன்னும் ஆழமாகும். உணவகம் ஒரு வாரம் தாமதித்தால் இன்னொரு 1,05,000 வேண்டும். அதையும் சேர்த்தே ஒதுக்கி வைக்க வேண்டும். பக்ரீதுக்கு முந்தைய வாரங்களில் ஆட்டு விலை ஏறும். கூடுதல் விலை சந்தையில் அன்றே போய்விடும். உணவகத்தின் விலை பழையதாகவே இருந்தால் பள்ளம் இருபுறமும் வெட்டப்படும்.

தொழில் வளரும்போதுதான் பலர் இடறுகின்றனர். உணவகம் இன்னொரு கிளை திறந்து, நாளைக்கு 40 கிலோ கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்ஹம்துலில்லாஹ் என்று உடனே ஒப்புக்கொள்கிறார். கூடுதல் 20 கிலோவுக்கு முப்பத்தேழு நாளைக்கு 5,18,000 ரூபாய் வேண்டும். மாதம் மிஞ்சும் 18,000 ரூபாயைச் சேர்த்து அதை எட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். மூன்றாவது வாரத்திலேயே சந்தைக்குப் போகப் பணமிராது. வட்டிக்காரரின் வாசல் தெரிவது அப்போதுதான். கையிலிருக்கும் முதலுக்கு ஏற்ப 5 கிலோ மட்டும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்வதில் இழிவு எதுவும் இல்லை.

பள்ளத்தை நிரப்ப ஹலாலான வழிகள் உண்டு. ரொக்க விலையைவிடத் தவணை விலையைச் சற்றுக் கூட்டி வைப்பதைப் பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் அனுமதிக்கின்றனர். ஆனால் பேரம் முடியும்போதே விலையும் தவணையும் ஒன்றாக உறுதியாகிவிட வேண்டும். பின்னர் தாமதித்ததற்காக அபராதம் கூட்டினால் அது வட்டி. வரவேண்டிய பில்லை வங்கியிடமோ வேறொருவரிடமோ குறைந்த தொகைக்குக் கொடுத்து இன்றே பணம் பெறுவதும் கூடாது. நெருக்கடியில் உணவகத்தாரிடமே சென்று, இன்றே தந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று கேட்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முன்கூட்டியே பேசி வைக்காமலும், மூன்றாமவர் நுழையாமலும், கொடுத்தவரும் வாங்கியவரும் தமக்குள் முடித்துக்கொண்டால் அது கூடும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் ஜித்தாவில் முடிவு செய்தது.

பெரிய தொகைக்கு முளாரபா எனும் கூட்டு முறையே தக்கது. மச்சானோ சாச்சாவோ முதல் போட, இவர் உழைக்க, இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்வது. இவருடைய கவனக்குறைவின்றி நட்டம் வந்தால் அது முதலைச் சேரும். நம் குடும்பங்களில் நடப்பது வேறு. ஓர் இலட்சம் தருகிறேன், மாதம் 2,000 ரூபாய் கொடுத்துவிடு என்கின்றனர். அதற்குப் பங்கு என்று பெயரும் வைத்துக்கொள்கின்றனர். முதலுக்கு உத்தரவாதமும் மாதத்திற்கு நிலையான தொகையும் இருந்தால், பெயர் எதுவாயினும் அது வட்டியே. நோட்டுக் கணக்கைக் காட்டி விகிதம் பேசுவதற்கு வெட்கப்பட்டுத்தான் பலர் இந்தக் குறுக்கு வழியில் போகின்றனர்.

தவணையை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஆகவே பில் தேதி, தவணை நாள், அன்றைய விலை ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். கொடுக்க வேண்டியவர் உண்மையிலேயே சிரமத்தில் இருந்தால் அவகாசம் தர வேண்டும். ஆனால் வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளதை, உணவகம் நடத்தும் நம் சகோதரர்களும் மறந்துவிடக் கூடாது.

நோட்டில் இன்னொரு வரிக்கும் இடம் விட வேண்டும். ஜகாத் நாள் வரும்போது கையில் ரொக்கம் குறைவாக இருக்கும். ஆனால் உணவகத்திடம் ஐந்து இலட்சம் நிற்கும். வரக்கூடிய அந்தக் கடனுக்கும் ஜகாத் உண்டு, அதாவது 12,500 ரூபாய். பணம் கைக்கு வரும்போது கொடுக்கலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. தவணை வந்துவிட்ட, கேட்டால் கிடைக்கக்கூடிய கடனுக்கு உடனே கொடுத்தாக வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. தத்தம் மத்ஹபுக்கேற்ப அந்த வாரத்தின் செலவில் இத்தொகையை முன்பே எழுதி வைக்கலாம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.