பஞ்ச் அடிச்சா துள்ளுதா? உடனே P-யில கை வைக்காதீங்க!

ரேஸிங் குவாட் ஓட்டுகிற நம்ம பசங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளி இறக்கியதும் குவாட் ஆடினால் போதும், லேப்டாப்பைத் திறந்து P-யைக் குறைத்துவிடுவார்கள். அப்படியும் ஆடினால் இன்னும் குறைப்பார்கள். எல்லா ஜுரத்துக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற கதைதான். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் பாதி நேரம் அந்த மாத்திரையே நோயை வளர்க்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ரேட் லூப் என்றால் என்ன என்று சுருக்கமாக. ஆக்ரோ மோடில் ஸ்டிக் சொல்வது "நொடிக்கு இத்தனை டிகிரி திரும்பு" என்பதை மட்டும்தான். உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று ஜைரோ சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. இந்த நொடியின் பிழைக்கு P பதில் சொல்லும். நீடிக்கிற பிழையை I கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துச் சரிக்கட்டும். வேகமாகத் திரும்புவதை D பிடித்து நிறுத்தும்.

இப்போது "பஞ்ச் அடித்தால் ஆடுது" என்று நாம் சொல்வதில் குறைந்தது இரண்டு வேறு வேறு வியாதிகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, முழு த்ராட்டிலில் இருக்கும்போதே 'டிர்ர்ர்' என்று சத்தத்தோடு வரும் வேகமான அதிர்வு. கண்ணால் எண்ண முடியாது, காதுக்குத்தான் தெரியும். ப்ராப் தரும் உந்துவிசை ஏறத்தாழ சுழற்சி வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதனால் மோட்டாருக்குக் கொடுக்கும் அதே 1% கூடுதல் கட்டளை, ஹோவரில் சின்னத் தட்டு, முழு த்ராட்டிலில் பெரிய அறை. லூப்பின் பலம் தானாகவே ஏறிப்போகிறது. இதற்கு மருந்து, மேல் த்ராட்டிலில் மட்டும் D-யையோ P, D இரண்டையுமோ குறைக்கிற TPA. எல்லா த்ராட்டிலுக்கும் சேர்த்து P-யைக் குறைத்தால் கீழே நன்றாக இருந்ததும் மந்தமாகிவிடும்.

இரண்டாவது, த்ராட்டிலை இறக்கிய பிறகு மூக்கு குத்தி, எழுந்து, மறுபடி குத்துகிற மெதுவான துள்ளல். நொடிக்கு நான்கைந்து முறை, கண்ணாலேயே எண்ணிவிடலாம். இங்கே P-யைக் குறைப்பதுதான் ஆபத்து. மெதுவான துள்ளல் பெரும்பாலும் I-யின் வேலை. அதை அடக்கி வைத்திருப்பதே P-தான். P-யைக் குறைத்தால் I-யின் கை ஓங்கும், துள்ளல் கூடும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை. ஹோவரிலிருந்து முழு த்ராட்டிலுக்கு ஐந்து நொடி எடுத்து மெதுவாக ஏற்றுங்கள். அப்போதும் 'டிர்ர்' வந்தால் அது பஞ்ச் கோளாறே இல்லை, மேல் த்ராட்டில் கோளாறு. மெதுவாக ஏற்றினால் சுத்தமாக இருந்து, சடாரென்று ஏற்றி இறக்கும்போது மட்டும் துள்ளினால் I-யைச் சந்தேகப்படுங்கள். சடார் சோதனையில் இறக்கும்போது ஹோவர் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். பூஜ்யத்துக்கு இறக்கினால் குவாட் தன் காற்றுக்குள்ளேயே விழுந்து உதறும், அது மூன்றாவது கதை.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். வகுப்புத் தோழன் ஒருவனின் 5 அங்குலக் குவாட். பேட்டரியோடு சுமார் 650 கிராம், அதில் பேட்டரி மட்டும் 200 கிராம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலில் காலை ஆறரைக்குப் பார்த்தோம். (இந்தப் பக்கம் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்துவிடும். அந்தக் காற்றில் எது ட்யூன், எது காற்று என்று சொல்ல முடியாது.) மெதுவாக ஏற்றினால் வெண்ணெய் மாதிரி போனது. சடாரென்று ஏற்றினால் மூக்கு லேசாக நிமிர்ந்தது. இறக்கியதும் மூக்கு குத்தி, மூன்று முறை துள்ளி அடங்கியது. அவன் ஏற்கெனவே இரண்டு முறை P-யைக் குறைத்திருந்தான்.

பிளாக்பாக்ஸ் பதிவைத் திறந்தால் கதை அப்படியே இருந்தது. ஹோவரிலேயே பின் மோட்டார்கள் இரண்டும் முன்னவற்றைவிட அதிகம் உழைத்தன. பஞ்சின்போது பிட்ச் அச்சின் I கோடு மலை மாதிரி ஏறியது. த்ராட்டில் இறங்கிய பிறகும் அந்த மலை உடனே இறங்கவில்லை. மூக்கு குத்தியது சரியாக அந்த இடத்தில்தான்.

காரணம் பேட்டரி. நடுவிலிருந்து 20 மில்லிமீட்டர் பின்னால் கட்டியிருந்தான். 650-ல் 200 கிராம் 20 மி.மீ. நகர்ந்தால் மொத்த எடை மையம் 6 மி.மீ. பின்னால் போகும். மையத்திலிருந்து மோட்டார் வரிசை சுமார் 80 மி.மீ. தூரம். அப்படியானால் பின் மோட்டார்களுக்கு ஹோவரில் (30% த்ராட்டில்) ஏறத்தாழ 1% கூடுதல் கட்டளை வேண்டும், முன்னவற்றுக்கு அதே அளவு குறைய வேண்டும். முழு த்ராட்டிலிலோ இது 4% பக்கம் போகும், ஏனென்றால் தேவைப்படும் வித்தியாசம் த்ராட்டிலோடு சேர்ந்தே வளர்கிறது. இந்தத் தொகையை வைத்திருப்பது I. பஞ்ச் அடித்த கணத்தில் அதன் கையில் இருப்பது 1%தான், அதனால் மூக்கு நிமிர்கிறது. அது 4% சேர்த்து முடிக்கும்போது நீங்கள் இறக்கிவிடுகிறீர்கள். மிச்சமிருக்கும் 3% மூக்கைக் கீழே தள்ளுகிறது. இதில் P செய்த பாவம் என்ன?

நாங்கள் செய்தது மூன்று காரியம். பேட்டரியை 20 மி.மீ. முன்னே தள்ளி, ஸ்ட்ராப்பை இறுக்கினோம் (ஸ்ட்ராப் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு பஞ்சிலும் பேட்டரி நகர்ந்து மையமே மாறும், எந்த ட்யூனும் நிற்காது). P-யைப் பழைய எண்ணுக்கே ஏற்றினோம். மூன்று துள்ளல் ஒரு சின்னத் தலையசைப்பாகிவிட்டது. கடைசியாக, த்ராட்டில் சடாரென்று மாறும்போது மட்டும் I-யை வேகப்படுத்துகிற ஆன்டி கிராவிட்டியைக் கொஞ்சம் ஏற்றினோம். பீட்டாஃபிளைட் 4.5-ல் அதன் ஆரம்ப மதிப்பு 80.

```
get anti_gravity
set anti_gravity_gain = 100
save
```

தலையசைப்பும் போனது. இதையும் அளவோடுதான் ஏற்ற வேண்டும். அதிகமானால் த்ராட்டிலைத் தொடும்போதெல்லாம் குவாட் வேகமாக நடுங்க ஆரம்பிக்கும். அதுதான் நிறுத்தச் சொல்லும் அடையாளம்.

"பிளாக்பாக்ஸ் எல்லாம் எதுக்குப்பா, ஓட்டிப் பார்த்தே சொல்லிடுவேன்" என்பவர்கள் உண்டு. நல்ல காது இருந்தால் 'டிர்ர்' வகையை அப்படிச் சொல்லிவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மோட்டார் 100%-ல் முட்டி நிற்கிறதா என்பது காதுக்குத் தெரியாது. ஒரே ஒரு மோட்டார் மட்டும் எப்போதும் முட்டினால் பேரிங், வளைந்த ப்ராப், தளர்ந்த ஆர்ம் ஆகியவற்றைப் பாருங்கள். முட்டி நிற்கிற மோட்டாருக்கு மேலே கொடுக்க எதுவும் இல்லை. அங்கே எந்த எண்ணை மாற்றினாலும் பலன் கிடையாது.

ஆக என் கட்சி இதுதான். முதலில் ஸ்க்ரூ டிரைவரும் ஸ்ட்ராப்பும், பிறகு மெதுவாக ஏற்றும் சோதனை, பிறகு சடார் சோதனை, பிறகு பதிவு. இவ்வளவும் பார்த்த பிறகும் P-தான் குற்றவாளி என்று தெரிந்தால் தாராளமாகக் குறையுங்கள். அதுவரை பாவம், அதை விட்டுவிடுங்கள் :-)